பாதி முடிந்த தோலுக்கு என்ன விலை?

மாதத்தின் கடைசி நாள், மாலை ஐந்து மணி. பாலாற்றுப் பக்கத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று வரிசையாக இருக்கும் தோல் ஊர்களில் ஏதோ ஒன்றில் ஒரு பதனிடும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். காயவைக்கும் கூடத்தில் கம்பிகளில் வரிசையாகத் தொங்குகின்றன ஆட்டுத்தோல்கள். சாயம் ஏறியாகிவிட்டது, ஈரம் போய்விட்டது. தொட்டால் பலகைபோல விறைப்பாக இருக்கும். அவற்றுக்கு நடுவே கணக்கர் ஒருவர் அட்டையில் செருகிய தாளோடு நிற்கிறார்.

"மேஸ்திரி, இதுல எத்தனை தோல் இருக்கு?"

"ஆயிரம் சார். காலையிலதான் எண்ணினேன்."

"எவ்வளவு வேலை முடிஞ்சிருக்கு?"

"காய்ஞ்சாச்சு. ஸ்டேக்கிங் மட்டும் போகல. முக்கால் வேலை முடிஞ்சதுன்னு போட்டுக்குங்க."

அந்த 'முக்கால்' என்ற வார்த்தையில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் இருக்கிறது. எண்ணிக்கை ஆயிரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆயிரம் தோலின் பெயரில் எவ்வளவு பணம் எழுதுவது? முழுத் தோலுக்கான செலவை எழுதினால் அதிகம், ஒன்றுமே எழுதாவிட்டால் தவறு. அந்த ஆலை இந்த மாதம் லாபமா நட்டமா, ஒரு சதுர அடித் தோலை என்ன விலைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகும் என்ற இரண்டு கேள்விகளும் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகின்றன.

தச்சர் ஒரு கட்டில் செய்கிறார் என்றால் அந்தக் கட்டிலுக்கு என்ன செலவானது என்று தனியாக எழுதிவிடலாம். தோல், நூல், சர்க்கரை, பெயின்ட், சோப்பு போன்றவற்றில் அது நடக்காது. அங்கே பொருள் ஆறுபோல ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தத் தோலுக்கு இவ்வளவு மின்சாரம் என்று பிரித்து எழுத யாராலும் முடியாது. எனவே ஒரு மாதத்தில் ஒரு பிரிவுக்கு ஆன மொத்தச் செலவை எடுத்து, அந்தப் பிரிவு செய்த மொத்த வேலையால் வகுக்கிறார்கள். செயல்முறை அடக்கவிலைக் கணக்கு என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். மொத்தச் செலவு பேரேட்டில் இருக்கிறது. மொத்த வேலை எவ்வளவு என்பதுதான் சிக்கல்.

ஏனென்றால், மாதம் முடிகிறது என்பதற்காக டிரம் நிற்பதில்லை. போன மாதம் பாதியில் விட்ட தோல்கள் இந்த மாதம் முடிகின்றன. இந்த மாதம் போட்டவற்றில் கொஞ்சம் அடுத்த மாதத்துக்குப் போகின்றன. முழுதாக முடிந்தவை, பாதி முடிந்தவை, கால் முடிந்தவை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அளவுகோலுக்குப் பெயர் சமான அலகு. பத்துத் தோல்களில் பாதிப் பாதி வேலை நடந்திருந்தால், ஐந்து தோல்களை முழுதாக முடித்த வேலைக்கு அது சமம். யோசனை அவ்வளவுதான்.

ஒரு மாதக் கணக்கையே போட்டுப் பார்த்தால் மற்றவை தானாக விளங்கும். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, வேலை மட்டும் நிஜமான வேலை.

நம் ஆலை 'வெட் புளூ' தோலை வாங்கிச் சாயத் தோலாக மாற்றுகிறது. வெட் புளூ என்பது குரோம் உப்பில் பதனிட்ட ஈரத்தோல். குரோமியத்தால் வெளிர் நீலமாக இருக்கும். முதலில் உருளைகளுக்கு நடுவே கொடுத்து ஈரத்தைப் பிழிகிறார்கள். பிறகு ஷேவிங் மெஷினில் கொடுத்து ஒரே கனத்துக்குச் சீவுகிறார்கள். அடுத்தது டிரம். பெரிய மரப்பீப்பாய் படுத்த வாக்கில் சுற்றும். அதற்குள் மறுபதன் ரசாயனம், சாயம், கொழுப்பெண்ணெய் எல்லாம் தோலில் ஏறும். வெளியே எடுத்துச் சுருக்கம் நீக்கிக் காயவைக்கிறார்கள். காய்ந்து விறைத்த தோலை ஸ்டேக்கிங் மெஷின் அடித்து இளக்கும். கடைசியில் சட்டங்களில் இழுத்துக் கட்டி, ஓரம் நறுக்கி, தரம் பிரித்தால் வேலை முடிந்தது.

மாதத் தொடக்கத்தில் 2,000 தோல்கள் பாதி வேலையில் இருந்தன. எல்லாம் டிரம்மைத் தாண்டியவை. மாதத்தில் புதிதாக 10,000 தோல்கள் போடப்பட்டன. ஆக மொத்தம் 12,000. மாதக் கடைசியில் முழுதாக முடிந்து கிடங்குக்குப் போனவை 9,000. மீதி 3,000 பிரிவிலேயே நிற்கின்றன. அதில் 1,000 நாம் பார்த்த காய்ந்த தோல்கள், 2,000 சீவி முடிந்து டிரம்முக்காக அடுக்கி வைத்தவை.

இந்த 3,000 தோல்களும் எவ்வளவு முடிந்தவை? இங்கேதான் முதல் வழுக்கல். 'எவ்வளவு முடிந்தது' என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஒரே தோலுக்கு மூன்று வயது இருக்கிறது.

தோல் என்ற மூலப்பொருளாகப் பார்த்தால் 3,000 தோல்களும் நூற்றுக்கு நூறு முடிந்தவை. தோலை வாங்கிய பணம் முதல் நாளே முழுதாகச் செலவாகிவிட்டது. வேலை முடியாத தோலுக்குப் பாதிக் காசு கொடுத்து வாங்கியதில்லை. ரசாயனமாகப் பார்த்தால் கதை வேறு. டிரம்மைத் தாண்டிய 1,000 தோல்களுக்கு முழு ரசாயனமும் ஏறிவிட்டது, டிரம்முக்காகக் காத்திருக்கும் 2,000 தோல்களுக்கு ஒரு சொட்டுகூட ஏறவில்லை. நடுவில் பாதி என்று எதுவும் இல்லை. கூலி, மின்சாரம், மெஷின் தேய்மானம், மேற்பார்வை ஆகியவை சேர்ந்த வேலைச் செலவு மட்டும்தான் படிப்படியாக ஏறிக்கொண்டே போவது. அதற்குத்தான் மேஸ்திரியின் 'முக்கால்' தேவைப்படுகிறது.

அந்த முக்காலை எதை வைத்து அளப்பது? பலர் நாளை வைத்து அளக்கிறார்கள். பத்து நாள் வேலையில் ஆறு நாள் போய்விட்டதால் அறுபது சதவீதம் என்பார்கள். இது தப்பு. காயவைக்கும் கூடத்தில் தோல் தொங்கும் நேரம் நீளமானது, ஆனால் அங்கே நிற்கிற ஆட்கள் குறைவு. ஷேவிங் மெஷினில் ஒரு தோல் நிற்பது நிமிடக் கணக்கில்தான், ஆனால் அங்கே திறமையான ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும், பிளேடு தேய்கிறது. அளக்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, பணத்தை.

நம் ஆலையின் கணக்கர் அதற்கு ஒரு படிநிலைத் தாள் வைத்திருக்கிறார். ஒரு தோலின் முழு வேலைச் செலவை நூறு என்று கொண்டால் பிழிவதற்கும் சீவுவதற்கும் 25, டிரம்முக்கு 20, சுருக்கம் நீக்கிக் காயவைக்க 25, ஸ்டேக்கிங் முதல் தரம் பிரிப்பது வரை 30. தாளைப் பார்த்தால் காய்ந்த தோல் 70 சதவீதத்தில் நிற்கிறது, சீவிய தோல் 25 சதவீதத்தில். மேஸ்திரி முக்கால் என்று சொன்னது 70-க்குக் கிட்டத்தட்டச் சரி. கணக்கர் தாளில் 70 என்றே எழுதினார். 1,000 தோலுக்கு 70 சதவீதம் என்றால் 700 முழுத் தோல் வேலை. 2,000 தோலுக்கு 25 சதவீதம் என்றால் 500. மொத்தம் 1,200.

இனி சமான அலகுகளை எழுதிவிடலாம். முடிந்த 9,000 தோல்கள் மூன்று கணக்கிலும் முழுதாகச் சேரும். அதோடு கடைசியில் நிற்பவற்றின் பங்கைக் கூட்ட வேண்டும். தோலுக்கு 9,000 + 3,000 = 12,000. ரசாயனத்துக்கு 9,000 + 1,000 = 10,000. வேலைச் செலவுக்கு 9,000 + 1,200 = 10,200.

கூர்ந்து கவனிக்கிற வாசகர் இங்கே நிறுத்துவார். போன மாதத்திலிருந்து வந்த 2,000 தோல்கள் என்ன ஆயின? அவற்றில் பாதி வேலை போன மாதமே முடிந்துவிட்டதே, அதைக் கழிக்க வேண்டாமா?

கழிக்க வேண்டாம். நிறையிட்ட சராசரி முறையின் உயிர்நாடி இதுதான். தேர்வு எழுதும் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான். அந்த 2,000 தோல்கள் தனியாக வரவில்லை, போன மாதம் அவற்றுக்குச் செலவான பணத்தையும் முதுகில் சுமந்துகொண்டுதான் வந்திருக்கின்றன. அந்தப் பணத்தை இந்த மாதப் பணத்தோடு கலக்கிறோம். பணத்தைக் கலந்தபின் வேலையையும் கலந்தாக வேண்டும். நேற்று மீந்த இட்லி மாவில் இன்று ஆட்டியதை ஊற்றிக் கலக்கிவிட்டால், இந்த இட்லியில் நேற்றைய மாவு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மொத்த மாவுக்கு ஆன செலவை மொத்த இட்லியால் வகுப்பதுதான் வழி. எனவே தொடக்கத்தில் இருந்த தோல்கள் எத்தனை சதவீதம் முடிந்திருந்தன என்ற தகவல் இந்த முறைக்கு வேண்டியதே இல்லை. வினாத்தாளில் அது கொடுக்கப்பட்டிருந்தாலும் விட்டுவிடலாம். வேண்டியதெல்லாம் அவை சுமந்து வந்த பணம், அதுவும் தோல், ரசாயனம், வேலை என்று மூன்றாகப் பிரித்து.

அந்தப் பணம் இப்படி இருந்தது: தோலுக்கு ரூ.4,00,000, ரசாயனத்துக்கு ரூ.76,000, வேலைக்கு ரூ.1,02,000. இந்த மாதச் செலவோடு சேர்த்தால் கணக்கு இப்படி நிற்கும்.

| இனம் | வந்த செலவு (ரூ.) | இம்மாதச் செலவு (ரூ.) | மொத்தம் (ரூ.) | சமான அலகு | ஒரு தோலுக்கு (ரூ.) |
|---|---|---|---|---|---|
| தோல் | 4,00,000 | 22,40,000 | 26,40,000 | 12,000 | 220 |
| ரசாயனம் | 76,000 | 3,24,000 | 4,00,000 | 10,000 | 40 |
| வேலை | 1,02,000 | 9,18,000 | 10,20,000 | 10,200 | 100 |
| மொத்தம் | 5,78,000 | 34,82,000 | 40,60,000 | – | 360 |

ஒரு முழுத் தோலின் அடக்கவிலை ரூ.360. 'நிறையிட்ட' என்ற சொல்லின் பொருளைத் தோல் வரிசையிலேயே பார்க்கலாம். பழைய 2,000 தோல்கள் தலா ரூ.200-க்கு வந்தவை, புதிய 10,000 தோல்கள் தலா ரூ.224-க்கு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 212 வரும். ஆனால் புதிய தோல் பழையதைப்போல் ஐந்து மடங்கு இருக்கிறது. தராசில் அந்தப் பக்கம் கனம் அதிகம். அதனால் சராசரி 224-ஐ நோக்கிச் சாய்ந்து 220-இல் நிற்கிறது.

இப்போது பணத்தைப் பங்கிடலாம். முடிந்த 9,000 தோல்களுக்கு 360 வீதம் ரூ.32,40,000. நிற்கும் சரக்குக்கு 360-ஐ அப்படியே போடக் கூடாது. தோலாக 3,000-ஐ 220 வீதம் ரூ.6,60,000, ரசாயனமாக 1,000-ஐ 40 வீதம் ரூ.40,000, வேலையாக 1,200-ஐ 100 வீதம் ரூ.1,20,000. ஆக ரூ.8,20,000. இரண்டையும் கூட்டினால் ரூ.40,60,000. உள்ளே வந்த பணமும் அதே ரூ.40,60,000. ஒரு ரூபாயும் காணாமல் போகவில்லை, எங்கிருந்தும் முளைக்கவும் இல்லை.

இந்தப் பாடெல்லாம் எதற்கு, மொத்தச் செலவை மொத்தத் தோலால் வகுத்துவிட்டால் போகிறது என்று தோன்றலாம். சிறிய ஆலைகளில் அப்படிச் செய்யும் ஆசை இயல்பானது. ரூ.40,60,000-ஐ 12,000-ஆல் வகுத்தால் ஒரு தோலுக்கு சுமார் ரூ.338 வரும். தோல் விற்பது சதுர அடிக் கணக்கில். ஓர் ஆட்டுத்தோல் சராசரியாக 4.5 சதுர அடி என்று கொண்டால் சதுர அடிக்கு ரூ.75 சொச்சம். வாங்க வருபவர் சதுர அடிக்கு ரூ.77 தருகிறேன் என்றால் முதலாளி சந்தோஷமாகத் தலையாட்டுவார். ஆனால் சரியான அடக்கவிலை ரூ.360, அதாவது சதுர அடிக்கு ரூ.80. ஒவ்வொரு சதுர அடிக்கும் மூன்று ரூபாய் கையைவிட்டுப் போகிறது. டிரம்மையே பார்க்காத தோலையும் முடிந்த தோலோடு ஒன்றாக எண்ணியதன் விலை அது. மறுகோடிக்குப் போய், நிற்கும் தோலை அடியோடு மறந்து 9,000-ஆல் மட்டும் வகுத்தால் அடக்கவிலை ரூ.451 ஆகிவிடும். நல்ல ஆர்டரையும் கட்டுப்படியாகாது என்று திருப்பி அனுப்ப நேரும்.

தவறு எப்படி நுழைகிறது, எப்படிப் பிடிபடுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அதிகம் நடப்பது இரண்டு முறைகளைக் கலப்பது. செயல்முறைக் கணக்கில் 'முதலில் வந்தது முதலில் போகும்' என்ற இன்னொரு வழியும் உண்டு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஃபிஃபோ என்பார்கள். அதில் இந்த மாதச் செலவை மட்டும் எடுத்து, இந்த மாதம் நடந்த வேலையால் மட்டும் வகுப்பார்கள். அங்கே தொடக்கச் சரக்கில் போன மாதமே முடிந்திருந்த வேலையைக் கழிப்பது சரி, ஏனென்றால் அதற்கான பணத்தையும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருவர் சராசரி முறையிலும் வேலையைக் கழித்துவிட்டு, பணத்தை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நம் கணக்கில் தொடக்கத் தோல்களின் வேலை 60 சதவீதம் முடிந்திருந்தது, அதாவது 1,200 சமான அலகு. தோல், ரசாயனம் இரண்டிலும் 2,000 முழுதாக முடிந்தவை. கழித்தால் அலகுகள் 10,000, 8,000, 9,000 என்று சுருங்கும். முழுப் பணத்தையும் இவற்றால் வகுத்தால் ஒரு தோல் ரூ.427 ஆகும். அந்த விலையில் பங்கிட்டுக் கூட்டினால் ரூ.48,24,000 வரும். உள்ளே வந்ததோ ரூ.40,60,000. இல்லாத ரூ.7,64,000 ஆகாயத்திலிருந்து குதித்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அலகுகளைச் சராசரி முறைப்படி சரியாக எடுத்துவிட்டு, பணத்தில் போன மாதத்திலிருந்து வந்ததைச் சேர்க்க மறப்பது. அப்போது பங்கிட்ட தொகை வெறும் ரூ.34,82,000. குறைவது ரூ.5,78,000. இந்த எண்ணை எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறதா? அதுதான் தொடக்கச் சரக்கு சுமந்து வந்த பணம். குறைகிற தொகை தொடக்கச் சரக்கின் மதிப்பாகவே இருந்தால், அதைச் சேர்க்க மறந்துவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இந்த இரண்டு பிழைகளையும் உள்ளே வந்த பணமும் வெளியே பங்கிட்ட பணமும் சமமா என்று பார்க்கும் கடைசி வரி பிடித்துவிடுகிறது. அதனாலேயே அந்த வரியின்மேல் எல்லோருக்கும் அசையாத நம்பிக்கை. ஆனால் அது பிடிக்காத ஒரு பிழை இருக்கிறது. அது சதவீதத்தில் இருக்கிறது.

கணக்கர் படிநிலைத் தாளைப் பார்க்காமல், மேஸ்திரி சொன்னதையே எழுதிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்தது முக்கால். சீவி வைத்ததைக் கேட்டால், கஷ்டமான வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் மேஸ்திரி 'பாதி' என்கிறார். 1,000-க்கு முக்கால் என்றால் 750, 2,000-க்குப் பாதி என்றால் 1,000. நிற்கும் சரக்கின் வேலை 1,200 என்பது 1,750 ஆகிறது. மொத்த அலகு 10,750. வேலைச் செலவு ஒரு தோலுக்கு ரூ.100 என்பது ரூ.94.88 ஆக இறங்குகிறது. முடிந்த 9,000 தோல்களின்மேல் விழ வேண்டிய சுமார் ரூ.46,000, நிற்கும் சரக்குக்கு நகர்ந்துவிட்டது. அந்த 9,000 தோல்களும் அந்த மாதமே விற்றிருந்தால் லாபம் அதே ரூ.46,000 கூடுதலாகத் தெரியும். கடைசி வரியைக் கூட்டிப் பாருங்கள், ரூ.40,60,000 பைசா பிசகாமல் வரும். பணம் வெளியே போகவில்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குத்தான் மாறியிருக்கிறது. அதனால் கூட்டல் சரியாகவே இருக்கும்.

அடுத்த மாதம் அது திரும்பி வரும். கூடுதலாக ஏற்றிய ரூ.46,000-உம் தொடக்கச் சரக்கின் முதுகில் ஏறி வந்து, அந்த மாதத்துச் சராசரியை மேலே தூக்கும். ஒன்றும் மாறாமலே திடீரென்று ஏன் அடக்கவிலை ஏறியது என்று முதலாளி கேட்பார், யாராலும் பதில் சொல்ல முடியாது. அடக்கவிலை ஒரு மாதம் இறங்கி, அடுத்த மாதம் ஏறி என்று ஆடிக்கொண்டிருந்தால், தோலின் விலையையும் மின் கட்டணத்தையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் மாதக் கடைசிச் சதவீதங்களை எடுத்துப் பார்ப்பது நல்லது. தெரியாமல் நடந்தாலும் ஆபத்து. லாபத்தைக் காட்ட வேண்டிய மாதத்தில் தெரிந்தே 'பாதி' என்பதை 'முக்கால்' ஆக்கினால், பேரேட்டைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கூடத்துக்கு நேரில் போய், எந்தப் படியில் எத்தனை தோல் நிற்கிறது என்று எண்ணிப் படிநிலைத் தாளோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

நிறையிட்ட சராசரிக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. அது பிழை அல்ல, அந்த முறையின் குணம். கலப்பது அதன் வேலை என்பதால், இந்த மாதம் தனியாக எப்படிப் போனது என்று அது சொல்லாது. நம் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், போன மாத விலையில் ஒரு முழுத் தோலுக்குத் தோல் 200, ரசாயனம் 38, வேலை 85 என்று ரூ.323. இந்த மாதம் மட்டும் எடுத்தால் 224, 40.50, 102 என்று ரூ.366.50. சராசரி சொல்வது 360. பழைய மலிவுச் சரக்கு கொஞ்சம் கலந்திருப்பதால் இந்த மாதத்து உண்மையான ஏற்றத்தை அது ஆறரை ரூபாய் குறைத்துக் காட்டுகிறது. அடுத்த மாதம் செய்து கொடுக்க வேண்டிய ஆர்டருக்கு 360-ஐ வைத்து விலை சொன்னால் அந்த ஆறரை ரூபாயை ஆலைதான் சுமக்க வேண்டும். விலை சொல்வதற்கும், எந்தப் பிரிவில் செலவு ஏறியது என்று மேலாளரைக் கேட்பதற்கும் ஃபிஃபோ கணக்கே உதவும்.

அப்படியானால் எல்லோரும் ஃபிஃபோவுக்கே போய்விடலாமே? அங்கே தொடக்கச் சரக்கின் சதவீதமும் சரியாகத் தெரிய வேண்டும், பழைய தோலைத் தனியாகவும் புதிய தோலைத் தனியாகவும் தொடர வேண்டும். சராசரி முறையில் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சதவீதம் பார்த்தால் போதும். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் சரக்கு மதிப்பீட்டுத் தரமான ஏ.எஸ்.2 இரண்டு வழிகளையும் ஏற்கிறது. ஆண்டுக் கணக்கில் சரக்கை மதிப்பிட சராசரியும், விலை பேச இந்த மாத விகிதமும் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு என்று தோன்றுகிறது. தோல் விலை அதிகம் ஆடாத காலத்திலும், உள்ளே போடுவதைவிடத் தொடக்கச் சரக்கு மிகச் சிறியதாக இருக்கும்போதும் இரண்டு பதில்களும் ஒட்டியே வரும். அப்போது எளிய வழியே போதும்.

இந்தக் கணக்கில் எளிமைக்காக ஒன்றை விட்டிருக்கிறோம். நிஜ ஆலையில் ஷேவிங்கில் கிழிகிற தோல் உண்டு, டிரம்மில் சாயம் ஒட்டாமல் கழிகிற தோல் உண்டு. எப்போதும் நடக்கிற அளவுக்குள் இருக்கும் சேதத்தின் செலவை நல்ல தோல்கள் சுமக்கும். அதைத் தாண்டியதைத் தனியாக எடுத்து நட்டமாக எழுதுவார்கள். ஆலை வெட் புளூவை வெளியில் வாங்காமல் தன் முதல் பிரிவிலேயே செய்துகொண்டால், அந்தப் பிரிவில் ஆன முழுச் செலவும் இங்கே 'தோல்' என்ற வரிசையில் வந்து உட்காரும். அதுவும் முதல் நாளிலேயே நூறு சதவீதம்.

மறுநாள் காலை ஒன்றாம் தேதி. காயவைக்கும் கூடத்தில் தோல்களை இறக்கி ஸ்டேக்கிங் மெஷினுக்கு எடுத்துப் போகிறார்கள். நேற்றுவரை கடைசிச் சரக்காக இருந்த 3,000 தோல்கள் இன்று தொடக்கச் சரக்கு. கணக்கர் புதிய தாளின் முதல் வரியில் ரூ.8,20,000 என்று ஒரே தொகையாக எழுதப் போனவர், பேனாவை நிறுத்திவிட்டு மூன்றாகப் பிரித்து எழுதுகிறார்: தோல் ரூ.6,60,000, ரசாயனம் ரூ.40,000, வேலை ரூ.1,20,000. சேர்த்து எழுதிவிட்டால் இந்த மாதக் கடைசியில் எந்தப் பணத்தை எந்த அலகோடு கலப்பது என்று தெரியாமல் போய்விடும்.